பருத்தி விதை: பாக்கெட்டா, கைவிதையா? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ஆவணி பிறந்துவிட்டால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். அல்சூரிலும் ஜீவன்பீமா நகரிலும் ஒயிட்ஃபீல்டிலும் குடியிருக்கிற, ஊரில் மூன்று நான்கு ஏக்கர் கரிசலை விட்டுவிட்டு வந்த நம் ஆட்கள்தான் பேசுவார்கள். நிலத்தைப் பார்த்துக்கொள்வது அண்ணனாகவோ மாமனாராகவோ வாரத்துக்குப் பயிரிடுகிறவராகவோ இருப்பார். பணம் இங்கிருந்து போகும். கேள்வி ஒன்றுதான்: இந்த வருஷமும் பி.டி. பருத்தி பாக்கெட்டையே வாங்கட்டுமா, இல்லை பழையபடி நாமே எடுத்துவைக்கிற கைவிதைக்குத் திரும்பலாமா? கம்பெனியிடம் மாட்டிக்கொண்டோம் என்கிறார்களே, உண்மையா?

நான் பன்னிரண்டு வருஷம் ஒரு விதை கம்பெனியில் களப்பணியில் இருந்தவன். இந்த வருஷம் கேள்வி என் தங்கை வீட்டிலிருந்தே வந்தது. பெரம்பலூர் பக்கம் மூன்று ஏக்கர். அதில் ஒன்றரை ஏக்கர் கிணற்றை ஒட்டிய பள்ளம், மீதி ஒன்றரை மேடு. மாப்பிள்ளை போனில் சொன்னது: "மச்சான், ரெண்டு வருஷமா விதைச்சு விதைச்சு திரும்ப விதைக்கிறோம். கடைக்காரன் நோட்டுல என் பேருக்குத் தனிப் பக்கமே ஒதுக்கிட்டான்."

அவருக்குச் சொன்னதைத்தான் விரித்து எழுதுகிறேன். மரபணு மாற்றுப் பயிர் நல்லதா கெட்டதா என்று பொதுவாகப் பேசப் போவதில்லை. நம் நாட்டில் விவசாயி பரவலாக, சட்டப்படி விதைக்கிற மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான். காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி மரபணு ஏற்றிய அந்தப் பருத்திதான் பி.டி. பருத்தி. அதனால் பருத்தியோடு நிற்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

விளைச்சல் எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். அது வேண்டியதுதான். ஆனால் அதை மட்டும் கேட்டால் கடைக்காரர் சொல்வதுதான் பதிலாக வரும். நான் நான்கு கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது, அடுத்த வருஷ விதை யார் கையில் இருக்கும்? இரண்டாவது, மழை பொய்த்தால் நட்டம் யார் தலையில் விழும்? மூன்றாவது, புழு இந்த வருஷம் அடங்கினாலும் ஐந்தாவது வருஷம் என்ன ஆகும், பக்கத்து வயலுக்கு என்ன ஆகும்? நான்காவது, விதை ஏமாற்றினால் தட்டிக்கேட்க நமக்கு வழி இருக்கிறதா?

முதல் கேள்வியில்தான் பெரும்பாலோர் குழம்புகிறார்கள். அதனால் அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

## கயிறு எங்கே இருக்கிறது

"மரபணு மாற்றிய விதை மறுபடி முளைக்காது" என்று ஊரில் சொல்வார்கள். அப்படி முளைப்பை முடக்கும் தொழில்நுட்பம் ஒன்றுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது உண்மை. ஆனால் அது எந்த நாட்டிலும் கடைக்கு வரவில்லை. பி.டி. பருத்தியில் பஞ்சைப் பிரித்துக் கொட்டையை நட்டுப் பாருங்கள், நன்றாகவே முளைக்கும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நம் கடைகளில் விற்கிற பி.டி. பருத்தி அநேகமாக எல்லாமே வீரிய ஒட்டு ரகம், அதாவது ஹைப்ரிட். இரண்டு வெவ்வேறு தாய் தகப்பன் ரகங்களைச் சேர்த்து எடுத்த முதல் தலைமுறை அது. அதன் கொட்டையை எடுத்து விதைத்தால் இரண்டாம் தலைமுறையில் குணம் சிதறும். ஒரு செடி இடுப்பு உயரம், ஒன்று தோள் உயரம். ஒன்று நவம்பரில் வெடிக்கும், ஒன்று ஜனவரியில். பி.டி. மரபணு ஒன்றை எடுத்துக்கொண்டால் நான்கில் ஒரு செடியில் அது இருக்கவே இருக்காது. அதனால் யாரும் சேமிப்பதில்லை, ஒவ்வொரு வருஷமும் கடைக்குப் போகிறார்கள்.

விவசாயியைக் கட்டிப்போட்டது ஹைப்ரிட் என்கிற கயிறு. மரபணு அதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சூரத்தில் உருவான எச்-4 என்ற முதல் ஹைப்ரிட் பருத்தி 1970-லேயே வந்துவிட்டது. பி.டி. வந்தது 2002 மார்ச்சில். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பி.டி. பருத்தி இருக்கிறது, ஆனால் அது நேர் ரகம், கொட்டையை எடுத்து விதைத்தால் தாயைப் போலவே வரும். அங்கே விவசாயியைத் தடுப்பது காப்புரிமைச் சட்டம். இந்தியானாவைச் சேர்ந்த போமன் என்ற சோயா விவசாயி விதையை எடுத்து வைத்து மறுபடி விதைத்தார், கம்பெனி வழக்குப் போட்டது, 2013-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கமே தீர்ப்புச் சொன்னது.

நம் சட்டம் அப்படி இல்லை. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 39-ஆம் பிரிவில், விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கவும் செய்யலாம் என்கிறது. கம்பெனி பேர் போட்ட உறையில் அடைத்து விற்கக் கூடாது, அவ்வளவுதான். இவ்வளவு தாராளமான உரிமையைக் கையில் கொடுத்துவிட்டு, சேமித்தால் பயன் தராத விதையைச் சந்தை முழுக்க நிரப்பிவைத்திருக்கிறோம். இதைத்தான் நான் அநியாயம் என்பேன்.

இங்கே பெங்களூரில் நடந்த ஒன்றும் ஞாபகம் வருகிறது. பி.டி. கத்தரிக்காய் பற்றி அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு ஊர்களில் மக்கள் கருத்துக் கேட்டார். கடைசிக் கூட்டம் 2010 பிப்ரவரி 6, பெங்களூரில். சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்தார். பாதுகாப்புச் சோதனை போதாது என்றவர்களின் கவலை நியாயமானது, அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று அப்போது அதிகம் பேசப்படவில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் நான்கு ரகங்களிலும், உடுப்பி மட்டு குள்ளா உட்பட தார்வாடு பல்கலைக்கழகத்தின் ஆறு ரகங்களிலும் அந்த மரபணுவை ஏற்றியிருந்தார்கள். அவை நேர் ரகங்கள், விவசாயி தானே விதை எடுத்துக்கொள்ளலாம். மரபணு மாற்றம் வேறு, கம்பெனியை நம்பியிருப்பது வேறு என்பதற்குக் கைக்கெட்டும் உதாரணம் அதுதான். வங்கதேசம் 2013-ல் அனுமதித்தது நேர் ரகங்களைத்தான்.

சரி, இனி ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

## முதல் வழி: கடையில் கிடைக்கிற பி.டி. ஹைப்ரிட்

475 கிராம் பாக்கெட். 450 கிராம் பி.டி. விதை, அதோடு 25 கிராம் பி.டி. இல்லாத விதை கலந்திருக்கும். 2025-க்கு மத்திய அரசு வைத்த உச்ச விலை 901 ரூபாய். இப்போது நெருக்கி நடுவதால் ஏக்கருக்கு இரண்டு பாக்கெட் பிடிக்கிறது.

விலையைப் பொறுத்தவரை விவசாயி பக்கம் நியாயம் கொஞ்சம் கிடைத்திருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். 2002-ல் பாக்கெட் 1,600 ரூபாய் அளவில் விற்றது, அதில் பெரும்பகுதி மரபணுவுக்கான உரிமைத் தொகை. 2006-ல் ஆந்திர அரசு வழக்குக்குப் போன பிறகு விலை பாதிக்கும் கீழே இறங்கியது. 2016-லிருந்து மத்திய அரசே விலை வைக்கிறது, 2020-ல் உரிமைத் தொகையைச் சுழியாக்கிவிட்டது. ஆக, அந்த 901 ரூபாய் ஹைப்ரிட் விதைக்குத்தான்.

அந்த விதை எப்படி வருகிறது என்று பார்த்திருக்கிறேன். சாயங்காலம், மறுநாள் பூக்கப் போகிற மொட்டைக் கட்டைவிரல் நகத்தால் கீறி, மகரந்தப் பைகளை வளையமாக உரித்தெடுப்பார்கள். சூலகத்தில் நகம் பட்டால் பூ உதிர்ந்துவிடும். அடுத்த நாள் காலையில் வெயில் ஏறுவதற்குள் தகப்பன் ரகப் பூவைக் கொண்டுவந்து அதன் மேல் தடவி அடையாளத்துக்கு நூல் கட்டுவார்கள். ஒவ்வொரு பூவுக்கும் இந்த வேலை, மாசக்கணக்கில். விரல் சின்னதாக இருந்தால் வேலை சுத்தமாக இருக்கும் என்று பள்ளிக்கூடம் போக வேண்டிய பெண் பிள்ளைகளை வைத்துச் செய்தார்கள். ஆந்திராவிலும் குஜராத்திலும் நம் பக்கத்திலும் நடந்ததுதான். இப்போது குறைந்திருக்கிறது, ஒழிந்துவிடவில்லை. பாக்கெட் விலையில் அந்தக் கூலியும் இருக்கிறது.

இனி புழு. 2006-ல் வந்த இரண்டாம் தலைமுறை பி.டி.யில் இரண்டு மரபணுக்கள் உண்டு. பச்சைக் காய்ப்புழுவை அது இன்றும் பெரும்பாலும் அடக்குகிறது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு விஷயம் வேறு. முதல் தலைமுறை பி.டி.க்கு அது எதிர்ப்புப் பெற்றுவிட்டது 2010-ல் குஜராத்தில் தெரியவந்தது. 2014-15 வாக்கில் இரண்டாம் தலைமுறையையும் தாண்டியது. 2017-ல் விதர்பாவில் ஏக்கர் ஏக்கராகக் காய் அழுகியது. அதே பருவத்தில் யவத்மாலில் மருந்தடித்தவர்களில் இருபது பேர் அளவில் நஞ்சேறிச் செத்தார்கள். புழுவுக்கு மருந்து வேண்டாம் என்று சொல்லி விற்ற விதையின் 16-ஆவது வருஷம் அது.

ஏன் இப்படி ஆனது? இந்தப் புழு காய்க்குள் நுழைந்து கொட்டையைத் தின்னும். ஹைப்ரிட் செடியில் மரபணு ஒரு பக்கத்துப் பெற்றோரிடமிருந்து மட்டும் வருவதால், அதன் காய்க்குள்ளிருக்கிற கொட்டைகளில் சிலவற்றில் நஞ்சு இருக்கும், சிலவற்றில் இருக்காது. புழு ஒரே காய்க்குள் இரண்டையும் தின்று பாதி நஞ்சில் பிழைக்கப் பழகுகிறது. கூடவே ஹைப்ரிட் நீண்ட நாள் பயிர், ஆறு ஏழு மாசம் வயலில் நிற்கும். புழுவுக்கு விருந்து நீள்கிறது.

இன்னொரு காரணத்தில் எனக்கும் பங்கு உண்டு. முன்பெல்லாம் பாக்கெட்டோடு 120 கிராம் சாதா விதை தனிப் பையில் வரும். வயல் ஓரத்தில் அதை நட்டால், நஞ்சு படாத புழுக்கள் அங்கே வளர்ந்து, எதிர்ப்புப் பெற்ற புழுக்களோடு கூடி, எதிர்ப்பு பரவாமல் நீர்த்துப்போகும். ஆனால் அப்படி நடுகிறவன் வயலோரத்தில் புழு தின்னும், பலன் ஊருக்கெல்லாம் போகும். நட்டத்தை ஒருவன் தாங்க, நன்மையை எல்லோரும் எடுத்துக்கொள்வது என்றால் யார் செய்வார்கள்? அதற்கு ஒரு ஈட்டுத்தொகையும் கிடையாது. பையை வரப்பில் வீசிவிட்டுப் போவதை எத்தனையோ முறை பார்த்தேன். கூட்டத்தில் அதைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் பேச எங்களுக்கு நேரம் கொடுக்கவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை. இப்போது கலந்தே வருவதால் வீச முடியாது. ஆனால் வண்டி போன பிறகு வந்த டிக்கெட் அது.

உங்கள் வயலில் புழு இருக்கிறதா என்று அறிய ஒரு வழி. பூக்கும்போது இதழ்கள் விரியாமல் ரோஜா மொட்டு மாதிரி முறுக்கி ஒட்டிக்கொண்டிருக்கிற பூவைத் தேடுங்கள். அதைப் பிரித்தால் உள்ளே புழு இருக்கும். அப்புறம் அங்கங்கே இருபது பச்சைக் காயைப் பறித்து அறுத்துப் பாருங்கள், வெளியே ஓட்டையே தெரியாது. இருபதில் இரண்டில் இருந்தால் உடனே நடவடிக்கை எடுக்கிற அளவு வந்துவிட்டது என்று பொருள்.

தட்டிக்கேட்க வழி இந்த விதைக்கு இருக்கிறது. முளைப்பு பொய்த்தால் நுகர்வோர் மன்றம் போகலாம் என்று 2012 ஜனவரியில் தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விதை முழுவதையும் விதைத்துவிட்ட விவசாயி பரிசோதனைக்கு மாதிரி தரவில்லை என்று வழக்கைத் தள்ளவும் முடியாது. பில்லும் லாட் எண் இருக்கிற உறையும் வேண்டும். கடனுக்கு வாங்குகிறவருக்குப் பல கடைகளில் பில் கொடுப்பதில்லை, நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். அங்கேயே பாதி வழக்கு போய்விடுகிறது.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? கிணறு இருந்து இரண்டு தண்ணீராவது உறுதியாகக் கொடுக்க முடிகிறவருக்கு, ஆழமான கரிசலுக்கு, ரொக்கம் கொடுத்து வாங்குகிறவருக்கு. 150 நாளுக்குள் முடிகிற ஹைப்ரிட்டாகப் பார்த்து வாங்கி, தை மாசத்துக்குள் பயிரை முடித்து பருத்தி மாரை அழித்துவிட வேண்டும். இன்னொரு வெடிப்புக்கு ஆசைப்பட்டுப் பங்குனி வரை விடுவதுதான் அடுத்த வருஷப் புழுவுக்குத் தொட்டில்.

## இரண்டாவது வழி: சாதா நேர் ரகம், கைவிதை

நாக்பூரில் இருக்கிற மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் சுராஜ், அதன் கோவை நிலையம் தந்த பழைய எல்.ஆர்.ஏ. 5166, இன்னும் தெற்கே கோவில்பட்டிப் பக்கம் கருங்கண்ணி. கருங்கண்ணி நாட்டுப் பருத்தி, சாறுறிஞ்சும் பூச்சியை நன்றாகத் தாங்கும். ஆனால் இழை குட்டை, எல்லா ஆலையும் எடுக்காது. வாங்க ஆள் தெரிந்திருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

சுராஜ் மாதிரி ரகத்தின் கணக்கே வேறு. ஒரு செடியில் பத்துப் பன்னிரண்டு காய்தான் வரும். அதனால் நெருக்கி விதைக்க வேண்டும், ஏக்கருக்குப் பஞ்சு ஒட்டிய விதை ஆறு கிலோ போகும். காய் குறைவு, ஆனால் எல்லாம் ஒன்றாகப் பிடித்து ஒன்றாக வெடிக்கும். ஈரம் தீர்வதற்குள் முடிந்துவிடும். இளஞ்சிவப்புப் புழு பெருகுகிற கடைசிக் காலத்தில் வயலில் காயே இருக்காது. தத்துப்பூச்சியைச் சுராஜ் ஓரளவு தாங்கும். பச்சைக் காய்ப்புழுவுக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை. இனக்கவர்ச்சிப் பொறி வைத்துக் கண்காணித்து, தேவையானால் ஒன்றிரண்டு தெளிப்பு கொடுக்க வேண்டியிருக்கும்.

மறைவாக இருக்கிற செலவுகள் உண்டு. விதையை நாமே காப்பாற்ற வேண்டும். சுற்றிலும் பி.டி. இருந்தால் தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துவிடும். அதனால் வயல் நடுவிலிருந்து, குறைந்தது 30 மீட்டர் உள்ளே, இரண்டாவது மூன்றாவது பறிப்பில் நன்றாக வெடித்த பஞ்சை மட்டும் தனியாக எடுக்க வேண்டும். அரவை மில்லில் மற்ற பஞ்சோடு போட்டால் கொட்டை கலந்துவிடும். மெஷினைத் துடைத்துவிட்டு முப்பது நாற்பது கிலோவைத் தனியாக அரைத்துத் தர எல்லா மில்லும் ஒப்புக்கொள்வதில்லை. அப்புறம் பஞ்சு நீக்க, கிலோவுக்கு 100 மில்லி கந்தக அமிலம் ஊற்றி, மரக் குச்சியால் இரண்டு மூன்று நிமிஷம் கிளறி, நாலைந்து தண்ணீரில் அலசி, மிதப்பதை எடுத்துவிட வேண்டும். அமிலம் என்பதால் கையுறை இல்லாமல் தொடவே கூடாது. ஊரில் யாருக்கும் பழக்கம் இல்லையென்றால் சாணிக் கரைசலில் உருட்டி விதைத்துக்கொள்ளலாம், முளைப்பு கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

மானாவாரி மேட்டு நிலம், கடனுக்குத்தான் விதை என்கிற நிலைமை, வீட்டில் ஒருவராவது வயலைச் சுற்றிப் பார்க்க நேரம் உள்ளவர்: இந்த மூன்றும் கூடினால் இதுதான் என் தேர்வு.

## மூன்றாவது வழி: நேர் ரகத்திலேயே பி.டி.

நியாயமான வழி இதுதான் என்று மனசு சொல்கிறது. மரபணுவும் இருக்கும், விதையையும் எடுத்துவைக்கலாம். கொட்டை எல்லாவற்றிலும் நஞ்சு ஒரே சீராக இருப்பதால் பாதி நஞ்சில் புழு பழகுகிற சிக்கலும் இல்லை.

முதல் முயற்சி வருத்தமான கதை. பிகானேரி நர்மா என்ற ரகத்தில் அரசு நிறுவனமே மரபணு ஏற்றிக் கொடுத்தது. சில வருஷத்திலேயே அதில் இருப்பது தனியார் கம்பெனியின் மரபணுக் கட்டு என்று தெரியவந்து, விதையைத் திரும்பப் பெற்றார்கள், விசாரணைக் குழுவும் போட்டார்கள். அதன்பின் பழைய ஒற்றை மரபணுவை வைத்து சுராஜ் பி.டி. உட்படச் சில ரகங்களை மத்திய நிறுவனம் கொடுத்திருக்கிறது. அந்த ஒற்றை மரபணு பச்சைக் காய்ப்புழுவுக்கு உதவும். இளஞ்சிவப்புக்கு உதவாது, அது இதைத் தாண்டிவிட்டது.

இதன் குறை, கிடைப்பதுதான். கடைக்காரருக்கு இதில் லாபம் இல்லை, ஒருமுறை வாங்கியவர் மறுபடி வரமாட்டாரே. நாக்பூருக்கோ கோவை நிலையத்துக்கோ முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். பெங்களூரிலிருந்து கேட்கிற உங்களால்தான் அந்த அலைச்சலைப் பட முடியும். வயலில் நிற்கிறவரால் முடியாது. கிடைத்தால் விடாதீர்கள்.

## நான்காவது வழி: "களைக்கொல்லி பருத்தி"

களைக்கொல்லி தெளித்தாலும் வாடாத பருத்தி என்று பேர் இல்லாத பாக்கெட்டில் ஒன்று சுற்றுகிறது. அரசு இதற்கு அனுமதி கொடுக்கவில்லை. களையெடுக்க ஆள் கிடைக்காத கஷ்டத்தில் வாங்குகிறார்கள், அந்தக் கஷ்டம் பொய்யில்லை. ஆனால் பில் கிடையாது, லாட் எண் கிடையாது, உள்ளே என்ன மரபணு என்பதற்கு யாரும் பொறுப்பில்லை, முளைக்காவிட்டால் போய் நிற்க மன்றமும் இல்லை. தெளிக்கிற மருந்து காற்றில் போய்ப் பக்கத்து வயல் துவரையைக் கருக்கினால் பதில் சொல்வது நாம். வேண்டாம்.

## ஒரு பார்வையில்

| | பி.டி. ஹைப்ரிட் | சாதா நேர் ரகம் | பி.டி. நேர் ரகம் | களைக்கொல்லி பருத்தி |
|---|---|---|---|---|
| அடுத்த வருஷ விதை | கடையில் | நம் வீட்டில் | நம் வீட்டில் | முகவரி இல்லாதவரிடம் |
| மறுவிதைப்புச் செலவு | ஏக்கருக்கு 1,802 வரை | மிகக் குறைவு | மிகக் குறைவு | கேட்கிற விலை |
| பச்சைக் காய்ப்புழு | அடங்கும் | தெளிக்க வேண்டும் | அடங்கும் | உறுதியில்லை |
| இளஞ்சிவப்புப் புழு | அடங்காது | சீக்கிரம் முடிவதால் தப்பும் | சீக்கிரம் முடிவதால் தப்பும் | உறுதியில்லை |
| தட்டிக்கேட்க | பில் இருந்தால் உண்டு | வாங்கும் வருஷம் மட்டும் | வாங்கும் வருஷம் மட்டும் | இல்லை |

## தங்கை வீட்டு மேட்டு நிலம்: கணக்கு

பள்ளத்து ஒன்றரை ஏக்கரில் எனக்குக் குழப்பம் இல்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, குறுகிய கால ஹைப்ரிட்டே போடட்டும் என்றேன். மேட்டைத்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. முழங்கால் ஆழத்துக்குள் சுக்கான் பாறை தட்டிவிடும் மண் அது.

மாப்பிள்ளையின் நோட்டுப்படி, மழை நன்றாகப் பெய்த வருஷம் மேட்டில் ஹைப்ரிட் ஏக்கருக்கு ஆறு குவிண்டால். மழை ஏமாற்றிய வருஷம் மூன்றரை. அடுத்த வரப்பில் சுராஜ் போட்டவருக்கு நல்ல வருஷம் ஐந்து, மோசமான வருஷம் நான்கு. பருத்தி குவிண்டால் 7,000 ரூபாய், பறிகூலி கிலோ 12 ரூபாய் என்று வைத்தோம்.

நல்ல வருஷத்தில் ஹைப்ரிட் ஒன்றரை ஏக்கருக்கு ஒன்றரைக் குவிண்டால் கூடுதல், 10,500 ரூபாய். கூடுதல் பறிகூலி 1,800 போக 8,700. மூன்று பாக்கெட் விதை 2,703, கைவிதைக்கு எல்லாம் சேர்த்து 400. அந்த வித்தியாசத்தையும் கழித்தால் ஹைப்ரிட்டுக்கு சுமார் 6,400 ரூபாய் லாபம் கூட.

மோசமான வருஷத்தில் புரட்டாசி மழையை நம்பி விதைத்து, பதினைந்து நாள் காய்ந்து, மறுபடி விதைக்க வேண்டும். ஹைப்ரிட் விதை 5,406 ஆகிவிடும், கைவிதை 800. விளைச்சலும் ஹைப்ரிட்டில் முக்கால் குவிண்டால் குறைவு. பறிகூலி கழித்துப் பார்த்தால் நேர் ரகம் சுமார் 9,000 ரூபாய் முன்னால் நிற்கிறது.

ஐந்தில் மூன்று வருஷம் மழை நன்றாக இருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட சமம். சராசரியை மட்டும் பார்க்கிற நிபுணர் இங்கே பேனாவை மூடிவிடுவார். ஆனால் அந்த 6,400 நல்ல வருஷத்தில் கையில் வருகிற பணம், தீபாவளிச் செலவோடு கரைந்துவிடும். இந்த 9,000 மோசமான வருஷத்தில் கடை நோட்டில் ஏறுகிற பணம். நூற்றுக்கு இரண்டு வட்டி, அது தவிர விளைந்த பருத்தியை அதே கடைக்காரரிடமே அவர் சொன்ன எடைக்கும் விலைக்கும் போட வேண்டும். பருத்திக்கு அரசு ஆதரவு விலை இருந்தாலும் கடன்பட்டவரால் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்ப முடியாது. இரண்டு தொகையும் ஒரே ரூபாயில் எழுதப்பட்டாலும் ஒரே கனம் இல்லை. மேட்டுக்கு நேர் ரகம் என்று முடிவு செய்தோம்.

வரப்புக்காரரிடமே ஒன்பது கிலோ சுராஜ் விதை கேட்டு வாங்கினார் மாப்பிள்ளை. சாதாக் கோணிப் பையில் கட்டிக் கொடுத்தார், உழவர் உரிமைச் சட்டப்படி அதில் தப்பில்லை. "எத்தனை வருஷமா எடுத்து வெச்ச விதைன்னு அவருக்கே தெரியல மச்சான், முளைக்குமா?" என்று சந்தேகம். ஓசூர் பஸ்ஸில் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பச் சொன்னேன். நூறு கொட்டையை எண்ணி, ஈரக் கோணியில் பத்துப் பத்தாக வரிசை வைத்துச் சுருட்டி, பால்கனி ஓரத்தில் வைத்து தினமும் தண்ணீர் தெளித்தோம். என் மகள் நாலாம் நாளே பிரித்து 38 என்று எண்ணினாள். பன்னிரண்டாம் நாள் கடைசி எண்ணிக்கை 71. பருத்தி நேர் ரகத்துக்குச் சான்று பெற 65 இருந்தால் போதும். ஏக்கருக்கு அந்த ஆறு கிலோவே போடச் சொல்லி அன்று ராத்திரியே மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன்.